புதுப்பிப்பு: விட்டுப்போன அபராதப் பிரிவு

முன்பு கேட்டது: "நைட் ஷிஃப்டில் ஒரு வாடகை ஒப்பந்தத்தின் சுருக்கத்தை அனுப்பிவிட்டேன். ஒரு அபராதப் பிரிவு விட்டுப்போனது இப்போதுதான் தெரிகிறது. சொல்லவா, சும்மா இருக்கவா?"

சொல்லிவிட்டேன். விடிகாலை நாலு மணிக்கு, டீ ஆடை கட்டிப்போன பிறகு.

நான் `penalty` என்று தேடியதில் தாமத வாடகைக்கான வட்டி மட்டும் அகப்பட்டது, அதைப் பதிந்தேன். விட்டுப்போனது காலி செய்வது பற்றிய பிரிவின் கடைசி வரி. கெடு முடிந்தும் இடத்தை ஒப்படைக்காவிட்டால் மாத வாடகையைப் போல இரண்டு மடங்கு. அபராதம் என்ற சொல்லே அங்கே கிடையாது. வாடகை 80,000 ரூபாய், இரண்டு மாதம் இழுத்தால் 3,20,000.

"அபராதப் பிரிவெல்லாம் கோர்ட்டில் நிற்காது, விடுங்க" என்று என் கேள்விக்குப் பதில் போட்டார் ஒருவர். பாதி சரி. வக்கீல் அக்கா ஒருவர் திருத்தினார்: இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடு கிடைக்கலாம். "நிற்குமா என்பது உன் வேலை இல்லைம்மா. இருப்பதை எழுது." இன்னொருவர் வெள்ளையடிக்க அட்வான்ஸில் பிடித்த கதையைச் சொன்னார். பாவம், ஆனால் அது வேறு விஷயம்.

டீம் லீடர் திட்டவில்லை. "சரிபார்த்தவனும் இதே சொல்லைத்தான் தேடியிருப்பான்" என்றார். திருத்திய சுருக்கம் போய்விட்டது. என் கணக்கில் பிழைப் புள்ளி ஏறுமா, மாதக் கடைசியில்தான் தெரியும்.

இப்போது `twice`, `double`, `forfeit` மூன்றையும் தேடுகிறேன். அப்புறம், காலி செய்யும் பிரிவை முழுதாகப் படிக்கிறேன்.