புதுப்பிப்பு: அக்காவுக்கு ஆங்கிலத்தில் சான்றுக் கடிதம்

முன்பு கேட்டது: "ஆறு வருஷம் எங்க வீட்டில் சமையலும் குழந்தையும் பார்த்த அக்கா வேறு வீட்டுக்குப் போறாங்க. அங்கே ஆங்கிலக் கடிதம் கேட்கிறாங்க. என் தமிழ்க் குறிப்பை எப்படி மாற்றுவது?"

கடிதம் கொடுத்துவிட்டேன். என் குறிப்பில் முதல் வரியே "கை சுத்தம்". நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். வேலைக்கு ஆள் சேர்த்து அனுபவமுள்ள ஒருவர், "படிப்பவர் சோப்புப் போட்டுக் கழுவுவதாக நினைப்பார். நேர்மை என்று எழுதி, ஆதாரமும் கொடுங்கள்" என்றார். அதனால், நான்கு வருஷம் வீட்டுச் சாவி அவரிடம் இருந்ததையும், ஊருக்குப் போன நாட்களில் வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டதையும் எழுதினேன். "சொன்னதைச் செய்வார்" என்ற வரியையும் எடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் அது சொன்னால்தான் செய்வார் என்று தொனிக்கிறது.

இன்னொருவர் ஆதார் எண்ணைப் போடச் சொன்னார். அடையாளம் பார்ப்பது சரிதான், ஆனால் கைமாறும் தாளில் அந்த எண் வேண்டாமென விட்டேன். என் கைபேசி எண் போதும். சம்பளமும் எழுதவில்லை, எழுதினால் அங்கே பேரம் அதிலிருந்துதான் தொடங்கும்.

கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டினேன். "மீன் குழம்பு வைப்பேன்னு போடலையேம்மா" என்றார் அக்கா. சேர்த்தேன்.

மகள் பிரசவத்துக்கு அவர் எடுத்த இரண்டு மாத விடுப்பைச் சொல்லணுமா என்பதில் இன்னும் குழப்பம். இப்போதைக்கு எழுதவில்லை.