பேட்டரி தீந்து ராத்திரி வெளிய நின்ன கதை, உங்க அனுபவமும் சொல்லுங்க

கருங்கல் பையன்:
எங்க வீட்டு ஸ்மார்ட் லாக் அண்ணன் மஸ்கட்டுலேருந்து லீவுக்கு வந்தப்ப மாட்டுனது, அவன் போன்லதான் அட்மின், எனக்கு ஆப்ல ஷேர் பண்ணி தந்தான், அம்மைக்கு விரல் மட்டும், வேலைக்கு வாற அக்காவுக்கு காலைல 8லேருந்து 12 வரைக்கும் ஓடுற பின் நம்பர். போன வாரம் கல்யாண வீட்டுக்குப் போயிட்டு ராத்திரி வந்து பாத்தா லாக் செத்துக் கிடக்கு, நம்பர் பேட் லைட்டே வரல. அண்ணனுக்கு போன் போட்டா "எனக்க ஆப்ல 60 காட்டுதே"ன்னு சொல்லுதான். தாக்கோல் உள்ள பீரோவுல. அப்புறம் லாக்குக்கு அடியில ரெண்டு சின்ன புள்ளி இருக்கது ஞாபகம் வந்து, ஜங்ஷன்ல 9 வோல்ட் பேட்டரி வாங்கிட்டு வந்து அதுல அழுத்திப் பிடிச்சேன், மொதல்ல ஒண்ணும் வரல, திருப்பி வச்சதும் லைட் வந்துது, அம்மை விரல் வச்சாவ, கைப்பிடிய திருப்புற வரைக்கும் நான் பேட்டரிய எடுக்கவே இல்ல.

தக்கலை மாமா:
பேட்டரி தீந்தா விரல் எல்லாம் அழிஞ்சிரும், மறுபடி பதியணும். ரீசார்ஜபிள் போட்டுரு, செலவு மிச்சம்.

குளச்சல் அக்கா:
எனக்கும் இதே கததான், போன் ஆஃப் ஆயிட்டு, ஒரு மணிக்கூர் படியிலயே இருந்தேன்!

நாகர்கோவில் ஃபிட்டர்:
அக்கா, உங்களுக்கு தீந்தது போன் பேட்டரி, பின் நம்பர் அடிச்சிருந்தா திறந்திருக்கும். மாமா, விரலும் நம்பரும் லாக்குக்க மெமரியிலதான் இருக்கும், அழியாது. ஆனா உள்ள ஓடுற மணி தப்பிப் போகலாம், அதனால பேட்டரி மாத்துன உடனே போன பக்கத்துல வச்சு ஆப்ப திறந்து நேரம் சரி பண்ணுங்க, இல்லாட்டி அந்த அக்காவுக்க 8 மணி நம்பர் எடுக்காது. ரீசார்ஜபிள் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5, லாக் வோல்டேஜ பாத்துதான் சதவீதம் சொல்லும், அதனால கணக்கு தப்பும், வார்னிங் வராமலே திடீர்னு நிக்கும்.
தம்பி, உங்க லாக் ப்ளூடூத் மட்டும்தான? அப்ப அண்ணன் பாத்த 60, கடைசியா அவன் போன் பக்கத்துல இருந்தப்ப எடுத்த கணக்கு. மழையில கதவு ஊதியிருக்கா?

கருங்கல் பையன்:
ஆமா, ப்ளூடூத்துதான். அஞ்சிலி கதவு, இடவப்பாதியிலேருந்து பூட்டும்போது ர்ர்ருன்னு இழுக்கும். ரெண்டு மாசமா லாக் பீப் அடிக்குன்னு அம்மை சொல்லிட்டே இருந்தாவ, நான் கேக்கல.

நாகர்கோவில் ஃபிட்டர்:
அதுதான் காரியம். நாக்கு போற ஓட்டையில உரசுனா மோட்டார் இழுத்து இழுத்து பேட்டரிய தின்னும். கதவ திறந்து வச்சு பூட்டிப் பாருங்க, சத்தம் இல்லாம நாக்கு வெளிய வந்தா லாக் நல்லதுதான், கட்டளையில உள்ள தகட்ட கொஞ்சம் அரம் போட்டா போதும்.

கருங்கல் பையன்:
திறந்து வச்சா சத்தமே இல்ல. நாளைக்கு ஆசாரிய கூப்பிடுதேன். தாக்கோல் ஒண்ண சித்தி வீட்டுல குடுத்தாச்சு. அண்ணன் அட்மின எனக்கு மாத்தித் தாரேன்னு சொல்லுதான், மாத்துனா அம்மை விரலும் அக்கா நம்பரும் அப்படியே இருக்குமா? யாராவது மாத்தியிருக்கியளா?