பிளாஸ்டர் பட்டை உடைந்தது: விரிசல் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா?

காவேரிப்பட்டணத்து அக்கா

அம்மா வீட்டில் தென்கிழக்கு மூலை அறையில், ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். கீழே நூல் மாதிரி, மேலே போகப் போக அகலம். கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், ஒரே தளம். மேஸ்திரி "வெட்டி சிமெண்ட் அடைச்சுடலாம்" என்றார். நகர்வு நின்றதா என்று தெரியாமல் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

விரிசல் மேல் இரண்டு இடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைத் துலக்கி நனைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய பட்டை போட்டேன். நடுவில் மட்டும் இடுப்பு மாதிரி ஒடுக்கி, காய்ந்ததும் தேதி எழுதினேன். சில வாரத்தில் மேல் பட்டையில் மயிரிழைக் கீறல் வந்துவிட்டது. கீழ்ப் பட்டை அப்படியே இருக்கிறது. இதை வைத்து என்ன முடிவு எடுப்பது? இப்படிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை

பட்டை உடைந்தால் வீடு நகருது என்று அர்த்தம், அவ்வளவுதான். எங்கள் அப்பா காலத்தில் கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமெண்டில் பதித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரியில் உடைந்தது. உடனே அந்த மூலையைத் தோண்டி அஸ்திவாரத்துக்கு அடியில் கான்கிரீட் கொடுத்தோம். நீங்களும் தள்ளிப்போடாதீர்கள் அக்கா.

தர்மபுரி சைட் இன்ஜினியர்

ஊத்தங்கரைக்காரர் சொல்வது பாதி சரி. நகர்ந்ததால் உடைந்திருக்கலாம். ஆனால் பிளாஸ்டர் பட்டை ஒரே ஒரு தடவைதான் பேசும். எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம், அதற்கப்புறம் நின்றதா என்பதை அது சொல்லாது. பட்டை காயும்போது தானே கீறியும் இருக்கலாம். கீறல் சுவர் விரிசலின் நேர்கோட்டிலேயே ஓடுகிறதா, விரலால் தடவினால் ஒரு பக்கம் மேடாகத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சுவர்தான் நகர்ந்திருக்கிறது. கண்ணாடியிலும் கவனம் வேண்டும். ஒட்டு விட்டுப்போனால் சுவர் நகர்ந்தாலும் கண்ணாடி முழுசாகவே இருக்கும்.

முடிவு எடுக்க எண்கள் வேண்டும். மூன்று துருப்பிடிக்காத ஸ்க்ரூ வாங்குங்கள். விரிசலுக்கு இடப்பக்கம் இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக: மேலே 'அ', கீழே 'ஆ'. வலப்பக்கம், அதாவது வீட்டின் மூலை இருக்கும் பக்கம், நடு உயரத்தில் 'இ'. மூன்றுக்கும் இடையே 100 மி.மீ. வரவேண்டும். பூச்சில் வைக்காதீர்கள், செங்கல்லில் துளையிட்டு எபாக்ஸி வைத்து இறுக்குங்கள். அ–இ, ஆ–இ இரண்டையும் வெர்னியர் காலிப்பரில் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளந்து எழுதுங்கள். மாதம் ஒரு தடவை போதும், மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை. எப்போதும் விடியற்காலையில், வெயில் சுவரில் படுமுன்.

கணக்கு சுலபம். அ–இ கூடிய அளவிலிருந்து ஆ–இ கூடியதைக் கழித்தால் மூலை எவ்வளவு இறங்கியது என்று வரும். இரண்டையும் கூட்டி 1.73-ஆல் வகுத்தால் விரிசல் எவ்வளவு அகன்றது என்று வரும்.

இன்னொன்று, விரிசலே இல்லாத சுவரில் இதே மாதிரி ஒரு ஜோடி ஸ்க்ரூ வையுங்கள். அந்த அளவும் மாறினால் தப்பு உங்கள் கையிலோ காலிப்பரிலோ இருக்கிறது, வீட்டில் இல்லை.

பர்கூர்

எனக்கும் இதே பிரச்சனைதான் சார். மாடிக் கூரைக்குச் சற்றுக் கீழே சுவர் நெடுகப் படுக்கைவசத்தில் விரிசல். பட்டை வைத்தேன், சித்திரை வெயிலில் உடைந்தது. அஸ்திவாரத்தைத் தோண்டவா? எந்த கம்பெனி பேஸ்ட் வைத்து அடைக்கலாம்?

தர்மபுரி சைட் இன்ஜினியர்

பர்கூர் நண்பரே, இது வேறு விஷயம். கூரைக்கு அடியில் படுக்கையாக வந்தால் முதலில் வெயிலைத்தான் சந்தேகப்பட வேண்டும். 9 மீட்டர் கான்கிரீட் கூரை 25 டிகிரி சூடேறினால் தடையில்லாமல் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே நீளும். பட்டை தாங்காது. ஒரே நாளில் விடியற்காலையும் சாயங்காலமும் அளந்து பாருங்கள். வெயிலோடு கூடி, ராத்திரியில் குறைந்தால் அஸ்திவாரத்தைத் தொட வேண்டாம். சிமெண்ட் வைத்து அடைத்தால் மறுபடி விடும். இழுபடும் சீலன்ட்தான் நிற்கும், அதோடு மாடியில் வெயில் தடுக்கும் ஓடு பதியுங்கள்.

காவேரிப்பட்டணத்து அக்கா

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். சார் சொன்னபடி மாசியில் ஸ்க்ரூ வைத்தேன்.

கோடை முழுக்க அளவு 0.1 மி.மீ.க்குள்தான் ஆடியது. ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். நின்றுவிட்டது என்றே அம்மா முடிவு செய்துவிட்டார். ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகையில் அளந்தால் அ–இ 0.80 கூடியிருந்தது, ஆ–இ 0.26. கணக்குப்படி மூலை 0.54 மி.மீ. இறங்கி, விரிசல் 0.6 மி.மீ. அகன்றிருக்கிறது. விரிசலில்லாத சுவரில் இருந்த ஜோடி அசையவே இல்லை.

களிமண்ணாக இருந்தால் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் இறங்கி, வருடத்தில் ஒரு சுற்று வரும் என்று சார் தனியாகச் சொல்லியிருந்தார். இங்கே அடுத்த கோடையிலும் அளவு திரும்பவே இல்லை, 0.8-லேயே நின்றது. நனையும்போது மட்டும் இறங்கி, அப்படியே நின்றுவிடுகிறது. மூலையின் வெளியே குழி தோண்டினோம். அஸ்திவாரக் கல்லுக்குக் கீழே செம்மண் இல்லை. உடைந்த செங்கல், சாம்பல், பாறைச்சில். பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து பார்த்துவிட்டு, "இங்க ஒரு கவலைக் கிணறு இருந்துச்சு, போர் போட்டதும் தூத்துட்டாங்க" என்றார். கூரைத் தண்ணீர்க் குழாய் கொட்டுவதும் சரியாக அதே மூலையில்தான்.

குழாயைத் தெருப்பக்கம் திருப்பி, சுவரை ஒட்டி வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டோம். அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் போய்விட்டது. மாற்றம் 0.1-க்குள்தான். இப்போது அடைத்துவிடலாமா?

ஊத்தங்கரை

அடைங்க அக்கா, நின்னுடுச்சு.

தர்மபுரி சைட் இன்ஜினியர்

எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. போன வருடம் உங்கள் பக்கம் மழை குறைவு. மூலை நனையாததால் நின்றதா, மழையே பெய்யாததால் நின்றதா என்று இந்த அளவு பிரித்துச் சொல்லாது. தூர்த்த கிணறு எவ்வளவு ஆழம், எந்த அளவுக்கு வீட்டுக்கு அடியில் வருகிறது என்பதும் தெரியவில்லை. ஒரு கனமழை பார்த்துவிட்டு அடையுங்கள். அதுவரை உள்ளே தண்ணீர் போகாமல் சீலன்ட் மட்டும் வையுங்கள். விரிசல் 5 மி.மீ. தாண்டினாலோ கதவு ஜன்னல் இறுகினாலோ காத்திருக்க வேண்டாம், மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வேப்பனப்பள்ளி ரோடு

எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் கல் குவாரி. வேட்டு வைக்கும் நாளில் அளந்தால் ஆதாரம் கிடைக்குமா?

தர்மபுரி சைட் இன்ஜினியர்

வேட்டுக்கு முன்னும் பின்னும் அளந்து வையுங்கள், நல்லதுதான். விரிசல் கூடியதா என்று தெரியும். ஆனால் வேட்டால்தான் கூடியது என்று ஸ்க்ரூ காட்டாது. அதற்கு அதிர்வு பதிவுக் கருவி வேண்டும். அது வைத்து அளந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.