412 பழைய இஷ்யூக்கள் 122 ஆன கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நூல்கண்டு:
கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம், மொத்தம் நான்கு பேர். 2018 முதல் வந்த புகார், ஆசை, யாரோ அவசரத்தில் எழுதிவைத்த குறிப்பு என்று எல்லாமே கிட்ஹப்பில் இஷ்யூக்களாகக் கிடந்தன. போன வருடம் எண்ணியபோது 412 திறந்திருந்தன. 'பிரிண்ட்' என்று தேடினால் ஐம்பதுக்கு மேல் வரும். அதில் தேடச் சலித்துக்கொண்டு ஆளாளுக்குப் புதிதாக ஒன்று திறந்துவிடுவார்கள். அப்படித்தான் பெருகியது.

மூன்று சனிக்கிழமைகள் ஒதுக்கி உட்கார்ந்தோம். வேண்டாததை மூடிப் பரணில் போடுவது, ஒரே புகாராக இருப்பவற்றைச் சேர்ப்பது, புரியாததைத் திருத்தி எழுதுவது என்று திட்டம். முதல் வேலையாகப் பட்டியலைக் கோப்பில் இறக்கினேன்:

```
gh issue list --state open --limit 500 \
  --search "updated:<2022-06-01 sort:updated-asc" \
  --json number,title,updatedAt > pazhasu.json
```

`--limit` போடாவிட்டால் 30 மட்டும்தான் வரும். நான் முதலில் போடவில்லை. "பழசு இவ்வளவுதானா!" என்று அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

கோப்பில் இறக்கியதுதான் பிறகு காப்பாற்றியது. பரணுக்குப் போகவேண்டியவற்றுக்கு `paran` என்று லேபிள் ஒட்டிக்கொண்டே வந்தேன். லேபிள் ஒட்டினாலே அந்த இஷ்யூவின் `updated` தேதி இன்றைக்கு மாறிவிடும். மறுநாள் அதே தேடலைப் போட்டால் பாதி காணோம். கோப்பு இருந்ததால் எண்களை வைத்து வேலையைத் தொடர முடிந்தது.

பரணில் போட்டது 228. அழிக்கவில்லை, இப்படி மூடினோம்:

```
gh issue close 87 --reason "not planned" \
  --comment "இன்னும் தேவையென்றால் இங்கேயே எழுதுங்கள், திறக்கிறோம்."
```

ஒரே மாலையில் 228-ஐயும் மூடியது என் முட்டாள்தனம். ஒவ்வொன்றும் அதில் எழுதியவருக்கெல்லாம் மெயிலாகப் போகும். எங்கள் டீலர் ஒருவருக்கு எழுபதுக்கு மேல் போயிருக்கிறது. கம்பெனியை இழுத்து மூடுகிறோமா என்று போன் போட்டுக் கேட்டார்.

தானியங்கி_ரசிகன்:
எதற்கு இவ்வளவு கஷ்டம்? ஸ்டேல் பாட் போட்டுவிட்டால் 60 நாள் சத்தம் இல்லாததற்குத் தானே குறி போடும், இன்னும் 7 நாளில் மூடிவிடும். எங்கள் ஆபீசில் ஒரே மாதத்தில் 300 போச்சு. யாரும் கேட்கவே இல்லை.

ராத்திரி_ஷிப்ட்:
யாரும் கேட்காததற்குக் காரணம், கேட்டு அலுத்துப்போனவர்கள் நிறுத்திவிட்டதாகவும் இருக்கலாம். நான் பத்து வருடமாக டெஸ்டிங். பாட் அளப்பது மௌனத்தை, பிழையை அல்ல. வருட முடிவுக் கணக்கில் வரும் தப்பைப் பற்றி ஏப்ரலில்தான் பேசுவார்கள். ஜூலையில் அது செத்ததாகத் தெரியும். இன்னொரு பக்கம், "இன்னும் இருக்கு சார்" என்று யாராவது மாதாமாதம் எழுதினால் ஒன்றுக்கும் உதவாத இஷ்யூ உயிரோடே இருக்கும். பாட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. `exempt-issue-labels`-இல் தரவு இழப்பு, கணக்குப் பிழை இரண்டையும் விலக்கிவிட்டுப் போடுங்கள்.

நூல்கண்டு, சேர்த்தது எத்தனை? அதில்தான் கை சுடும்.

நூல்கண்டு:
சுட்டது. 83 இஷ்யூக்களை 21-ஆகச் சேர்த்தோம். இரண்டைக் கலந்து ஒன்றாக்க அங்கே வசதி கிடையாது. நல்ல விவரம் உள்ளதை வைத்துக்கொண்டு, மற்றதில் `Duplicate of #214` என்று எழுதி மூடவேண்டும். மூடுவதற்கு முன் அதிலுள்ள போட்டோ, கடையின் பிரிண்டர் மாடல் எல்லாவற்றையும் 214-க்கு எடுத்துவர வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சேர்த்ததற்கு அர்த்தமே இல்லை.

அந்த 214-இன் கதை இது. "ரேட் கோணலா வருது", "வரி தள்ளிப்போகுது", "தமிழ்ல பில் அசிங்கமா இருக்கு" என்று பதினோரு புகார்கள். காரணம் ஒன்றுதான். பொருளின் பெயருக்குப் பிறகு எத்தனை இடைவெளி விடுவது என்பதை நிரல் எழுத்தை எண்ணி முடிவுசெய்தது. 'கொத்தமல்லி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்து குறி. கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று, ஒவ்வொரு புள்ளியும் தனியாக ஒன்று. அதனால் இடைவெளி குறைந்து ரேட் இடப்பக்கம் நகர்ந்தது. எண்ணுவதையே விட்டுவிட்டு, வரியைப் படமாக வரைந்து ரேட்டுக்கு ஒரே இடத்தை ஒதுக்கினோம். சரியாகிவிட்டது. பதினொன்றும் தீர்ந்ததாகச் சொல்லிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மளிகைக்கடைக்காரர் கூப்பிட்டுத் திட்டினார். அவருடையதும் அந்தப் பதினொன்றில் ஒன்று. பழைய போட்டோவை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அதில் `SUGAR 1KG` வரியிலும் ரேட் அடுத்த வரிக்குப் போயிருந்தது. தமிழ்க் கோளாறாக இருந்தால் ஆங்கில வரிக்கு ஏன் வருகிறது? அவருடையது 58 மி.மீ. பேப்பர், வரிக்கு 32 எழுத்துதான் பிடிக்கும். நாங்கள் 80 மி.மீ. பேப்பருக்கான 48-ஐ அனுப்பிக்கொண்டிருந்தோம். தலைப்பைப் பார்த்துச் சேர்த்த வினை. இப்போதெல்லாம் காரணத்தை ஒரு வரியில் எழுத முடிந்தால்தான் சேர்க்கிறோம். முடியாவிட்டால் "214-ஐயும் பார்க்க" என்று குறிப்பு மட்டும் போட்டு இரண்டையும் திறந்தே வைக்கிறோம்.

கீதா_டீச்சர்:
நீங்கள் பேசுவது வேறு என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். என் போனில் செய்யவேண்டிய வேலைகள் என்று 340 இருந்தது! லீவில் உட்கார்ந்து பார்த்தால் "பிளம்பர்", "மாடி ஈரம்", "சுவர் பெயிண்ட்", "தண்ணி டேங்க்", "அண்ணனிடம் கேட்கணும்" என்று ஐந்து. ஐந்தும் ஒரே கசிவு. டேங்கிலிருந்து வரும் குழாய் இணைப்பு ஒழுகி, சுவர் ஊறி, பெயிண்ட் உரிந்திருக்கிறது. நான் பாட்டுக்கு முதலில் பெயிண்டருக்குப் போன் பண்ணியிருப்பேன். ஐந்தையும் அடித்துவிட்டு "சனிக்கிழமை காலை பிளம்பரை வைத்து டேங்க் இணைப்பை மாற்று" என்று ஒன்று எழுதினேன். "அண்ணனிடம் கேட்கணும்" என்றால் என்ன கேட்பதற்கு என்பது மட்டும் இன்னும் முழுசாக ஞாபகம் வரவில்லை, கசிவைப் பற்றித்தான் என்று வைத்துக்கொண்டேன்.

நூல்கண்டு:
வேறு இல்லை டீச்சர், அதேதான். திருத்தி எழுதியதில் எங்களுக்கும் இதே கூத்து. 2020-இல் நானே எழுதிய இஷ்யூ, தலைப்பு "டிஸ்கவுண்ட் பார்க்கவும்". உள்ளே ஒரு எழுத்து இல்லை. அந்தக் காலத்து மெயிலைத் துழாவி, செய்து பார்த்து, இப்படி மாற்றினேன்: "பில்லைச் சேமிக்கும் முன் தள்ளுபடியை இரண்டாவது முறை மாற்றினால் ஜிஎஸ்டி முதல் தள்ளுபடிக்கே கணக்காகிறது." கீழே மூன்று படிகள், வரவேண்டிய தொகை, வந்த தொகை. நான்கு வருடம் கிடந்தது ஒரே மதியத்தில் முடிந்தது. இந்த மாதிரி 47 எழுதினோம். எழுதியவராலேயே விளக்க முடியாதது பரணுக்குப் போனது.

ராத்திரி_ஷிப்ட்:
அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. எழுதியவருக்கு மறந்துபோனது என்பதால் பிழை போய்விடாது. விளக்கமே இல்லாத ஒரு 2018 டிக்கெட்டில் இருந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத்தான் பேக்கப் பாதியில் நிற்பதைக் கண்டுபிடித்தேன். படம் உள்ளதையாவது மூடாமல் வைத்திருக்கலாம்.

தானியங்கி_ரசிகன்:
அப்போ படம் இருக்கிற எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் மறுபடி 400 ஆகிவிடாதா?

நூல்கண்டு:
மூடிய 228-இல் இதுவரை 9 பேர் திரும்பத் திறக்கச் சொன்னார்கள். அந்த ஒன்பதில் ஆறில் படம் இருந்தது. மீதி 219-இல் எத்தனைக்குப் படம் இருக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை. இந்தச் சனிக்கிழமை பார்க்கிறேன்.