ராஸ்பெர்ரி இலைத் தேநீர் குடித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

சிட்னி மருமகள்: தலைப்பிரசவம், 33-வது வாரம். இங்கே கர்ப்பிணிகள் வகுப்பில் பாதிப் பேர் இதைக் குடிக்கிறார்கள். கர்ப்பப்பைக்கு வலு வரும், பிரசவம் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். ஊரிலிருந்து அம்மாவோ, தெரியாத இலையை வாயில் வைக்காதே என்கிறார்.

லண்டன் ராணி: தாராளமாகக் குடிங்க. நாள் தள்ளிப்போகிறதே என்று ஒரே நாளில் நான்கு கப் குடித்தேன், மறுநாளே வலி வந்துவிட்டது.

பூங்குழலி: நானும் குடித்தேன். சிவப்பா, புளிப்பா நன்றாகவே இருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

மிட்வைஃப் அக்கா: பூங்குழலி, அது பழ வாசனைத் தேநீர். இலைத் தேநீர் கட்டன் சாயா மாதிரி லேசாகத் துவர்க்கும். பெட்டியில் 'இலை' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

ராணி, நாள் தள்ளிப்போன சமயத்தில் வலி தானாகவே வரும். தேநீரால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? வலியை வரவழைக்க ஒரேயடியாகக் குடிப்பதை நாங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

உங்கள் சிட்னியிலேயே இதைச் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். சிக்கல் இல்லாத தலைப்பிரசவக்காரர்கள் 192 பேர். ஒரு பாதிக்கு 32-வது வாரத்திலிருந்து தினம் இரண்டு இலை மாத்திரை, மறு பாதிக்கு வெற்று மாத்திரை. வலி ஆரம்பித்து கர்ப்பப்பை வாய் திறக்கும் நேரம் குறையவே இல்லை. முக்கித் தள்ளும் நேரம் மட்டும் சராசரியாகப் பத்து நிமிடம் குறைந்தது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தது இலை மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 சதவீதம், மற்றவர்களில் 30. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் இவ்வளவு சிறிய கூட்டத்தில் அது தற்செயலாகவும் இருக்கலாம். கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஆனால் அதுவும் ஆரோக்கியமானவர்களிடம் மட்டும் பார்த்தது, அதுவும் மாத்திரையில். ஒரு கப் தேநீரில் எவ்வளவு இறங்குகிறது என்று யார் அளந்தார்கள்?

ராணி: என்ன சொன்னாலும் எனக்கு வேலை செய்தது!

கோவை சுமி: எனக்குக் கர்ப்பகால சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். மூலிகைதானே, குடிக்கலாமா?

மிட்வைஃப் அக்கா: வேண்டாம் சுமி. உங்களைப் போல இன்சுலின் போட்ட ஒரு பெண்ணுக்கு, இதைக் குடிக்க ஆரம்பித்த சில நாளில் சர்க்கரை இறங்கி, இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒரே ஒருவர் கதைதான், இருந்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். ரத்தப்போக்கு, இரட்டைக் குழந்தை, முன்பு குறைமாதப் பிரசவம், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் நாங்கள் இதைத் தருவதில்லை.

ஜெயா: முதல் குழந்தை சிசேரியன். இப்போது சுகப்பிரசவத்துக்கு முயல்கிறேன்.

மிட்வைஃப் அக்கா: தையல் இருக்கும் கர்ப்பப்பை என்பதால் தவிர்க்கச் சொல்வோம். கெடுதல் நிரூபணமாகவில்லை, பாதுகாப்பும் நிரூபணமாகவில்லை. சில மிட்வைஃப்கள் சம்மதிப்பார்கள், நான் மாட்டேன்.

சிட்னி மருமகள்: அக்கா, 20-வது வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் மறுபடி ஸ்கேன்.

மிட்வைஃப் அக்கா: அப்படியென்றால் அதுவரை தொடாதே. மேலே ஏறிவிட்டது என்று வந்தால் உன் மிட்வைஃபிடம் கேட்டுவிட்டு தினம் ஒரு கப்பில் ஆரம்பி. வயிறு அடிக்கடி இறுகினால் அன்றோடு நிறுத்திவிட்டு அவர்களுக்குப் போன் போடு.