புதுப்பிப்பு: காலாண்டு ஃபாலோயர் இலக்கு, முடிவு வந்தாச்சு

என் கேள்வி: "மூணு பேர் டீம். அடுத்த காலாண்டுக்கு ஓகேஆர்ல, அதாவது டீமோட இலக்குப் பட்டியல்ல, எத்தனை ஃபாலோயர்னு எழுதறது?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சராசரியை விட்டுட்டு மீடியன், அதாவது எண்களை வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற மதிப்பு, எடுக்கச் சொன்ன அக்காவின் வழிதான் கைகொடுத்தது. இன்ஸ்டாகிராமில் ஆறு மாத நிகர வரவு: 210, 240, 190, 1,900, 230, 220. அந்த 1,900 ஒரே ஒரு வைரல் ரீலால் வந்தது. சராசரி போட்டிருந்தால் காலாண்டுக்கு 1,495 என்று வந்திருக்கும். மீடியன் 225, மூன்று மாதத்துக்கு 675. இலக்கை 750 என வைத்தோம், வந்தது 712.

தினமும் போஸ்ட் போடச் சொன்ன தம்பி பாதி சரி. ரீச் ஏறியது, ஆனால் மூன்றாம் வாரமே எடிட்டிங் தேங்கியதால் வாரம் நாலாகக் குறைத்தோம். விளம்பர பட்ஜெட் சொன்னவருக்கு: நான் கேட்டது காசு போடாத வளர்ச்சி.

எதிர்பாராதது அன்ஃபாலோதான். வந்தவர்கள் 1,040, போனவர்கள் 328. அதையும் ஓகேஆரில் தனி அளவீடாக வைப்பதா என்று டீமுக்குள் இன்னும் பேச்சு ஓடுகிறது.