ராத்திரி சத்தத்துக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு

செம்பூர்வாசி:
ஆறு மாதமாகியும் உறுத்துகிறது. எதிர்வீட்டு மாமிக்கு இந்தி எழுத வராது. "மேல்வீட்டுக்கு ராத்திரி சத்தம் பத்தி ஒரு சீட்டு எழுதிக் குடேன்பா" என்றார். என்ன சத்தம், முன்பே பேசியிருக்கிறாரா, ஒன்றும் கேட்கவில்லை நான். டிவியாகத்தான் இருக்கும் என்று, 'பலமுறை சொல்லியும் டிவியைக் குறைக்கவில்லை, இனி சொசைட்டியில் புகார்' என்று எழுதிவிட்டேன். மறுநாள் அந்த மனிதர் சீட்டோடு இறங்கி வந்தார். 'பலமுறை' என்ற சொல்மேல் விரலை வைத்து, "எப்போ சொன்னீங்க?" என்று இந்தியில் கேட்டார். மாமி என்னைப் பார்த்தார். அவர் ஒருமுறைகூடப் பேசியதில்லையாம். மேல்வீட்டில் டிவியே கிடையாது.

அல்சூர் ராத்திரி:
எங்கள் பெங்களூரு வீட்டில் குற்றவாளி மனிதனே இல்லை. மேலே ஏதோ உறுமும், அரை நிமிடத்தில் நின்றுவிடும். நாலு ராத்திரி மணி குறித்தேன்: 1.10, 1.35, 2.00. யாரும் இப்படிக் கணக்காக 25 நிமிடத்துக்கு ஒருமுறை நாற்காலி இழுக்க மாட்டார்கள். மேல்வீட்டுக்குச் சீட்டில் நேரத்தையும் எந்த அறை என்பதையும் மட்டும் எழுதி, 'உங்களுக்கும் கேட்கிறதா?' என்று முடித்தேன். அவர்களும் தூங்கவில்லையாம்! சேர்ந்து மொட்டை மாடிக்குப் போனோம். பிரஷர் பம்ப். ஏதோ ஒரு வீட்டில் ஃபிளஷ் டேங்க் ஒழுக, குழாயில் அழுத்தம் இறங்கும்போதெல்லாம் பம்ப் தானாக ஓடியிருக்கிறது. அதிர்வு குழாய் வழியே என் படுக்கையறைச் சுவருக்கு வந்துவிட்டது. வாஷர் மாற்றியதும் நின்றது.

சட்டம் பேசுகிறேன்:
இவ்வளவு பணிவு எதற்கு? 2000ஆம் ஆண்டு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான். சீட்டிலேயே அதைப் போடுங்கள். போனில் ஆப் வைத்து அளந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூடவே ஒட்டுங்கள். அசோசியேஷன் செயலாளருக்கு ஒரு பிரதி, உங்களுக்கு ஒரு பிரதி. பதில் வராவிட்டால் 112. நான் இதுவரை எழுதியதில்லை, ஆனால் இதுதான் முறை.

அல்சூர் ராத்திரி:
சார், அந்த 45 பகுதி முழுவதற்குமான அளவு, நம் படுக்கையறைக் கூரைக்கு அல்ல. 10 மணித் தடையும் முக்கியமாக ஒலிபெருக்கிக்குத்தான். மேல்வீட்டில் ஸ்பீக்கர் அலறினால் சரி, பம்புக்கு எந்த விதியைக் காட்டுவது?

மயூர் விஹார் மருமகள்:
எங்களுக்குச் சீட்டு வந்தது. கதவிடுக்கில், பெயரில்லாமல், ஒரே வரி: 'ராத்திரி சத்தத்தை நிறுத்துங்கள்.' எந்தச் சத்தம்? மிக்சியா, குழந்தையா? மூன்று நாள் வீட்டில் எல்லோரும் கால் நுனியில் நடந்தோம். அப்புறம்தான் தோன்றியது, மாமனார் இரண்டு மணிக்குப் பாத்ரூம் போகும்போது வாக்கர் தரையில் 'டக் டக்' என்று படும். அடியில் தேய்ந்திருந்த ரப்பரை மாற்றினோம். அதுதானா என்று இன்றுவரை தெரியாது. எழுதியவர் யாரென்றும் தெரியாததால், லிஃப்டில் யார் ஏறினாலும் முகத்தைப் பார்க்கிறேன்.

செம்பூர்வாசி:
மாமிக்குக் கேட்பது என்ன என்று நேற்றுதான் கேட்டேன். "ஏதோ உருள்ற மாதிரி" என்கிறார். இன்று ராத்திரி அவர் வீட்டு ஹாலில் உட்காரப் போகிறேன்.